ஐம்பத்தைந்து அங்குலக் கறுப்பு

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருந்த அந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் ராதிகா டிவி பிரிவைப் பார்த்துக்கொண்டு ஏழு வருடமாகிறது. உள்ளே நுழைகிறவரின் செருப்பையும் பையையும் பார்த்தே, அவர் எந்த வரிசை டிவி முன்னால் போய் நிற்பார் என்று சொல்லிவிடுவாள். செல்லமுத்துவும் அவர் மகள் மலர்விழியும் வந்தபோது முப்பத்திரண்டு அங்குல வரிசைக்குத்தான் வருவார்கள் என்று நினைத்தாள். செல்லமுத்து சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். நீல மையில், ஆங்கிலத்தில், அழகான கையெழுத்து. ஐம்பத்தைந்து, அதன் பக்கத்தில் ஓஎல்இடி.

"மாப்ள எழுதிக் குடுத்துதும்மா. வேற எதுவும் வேணாம், இது ஒன்னு மட்டும் போதும்னாரு" என்றார்.

களமருதூரில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவர். மனைவி இல்லை. ஒரே பெண். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பிரவீன்குமார் திருக்கோவிலூரில், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் எடிட்டராக இருக்கிறான். இதையெல்லாம் அவர் கேட்காமலே சொல்லிவிட்டார். மலர்விழி விலைச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு லட்சத்து இருபத்தி நாலாயிரங்கய்யா" என்றாள் ராதிகா.

செல்லமுத்து சிரித்தார். அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் அதே அளவில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டிவியைக் காட்டினார். "இது இன்னா வெல?"

"முப்பத்தாறுங்க."

"ரெண்டும் ஒன்னாத்தானம்மா கீது. சொல்லப்போனா இதுதான் பளிச்சுனு கீது."

அது உண்மை. கடையின் கூரையில் வரிசையாகக் குழல்விளக்குகள்; அந்த வெளிச்சம் எல்லாத் திரையிலும் விழுந்து, எல்லாக் கறுப்பையும் வெளிறச் செய்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்இடி டிவிக்குத்தான் மவுசு. ராதிகா இருவரையும் கறுப்புத் திரைச்சீலை கட்டிய சின்ன அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே இரண்டு டிவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஒரே காட்சியைப் போட்டாள். கும்மிருட்டு, நடுவில் ஒரே ஒரு அகல்விளக்கு.

செல்லமுத்து இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓஎல்இடி திரையில் சுடர் மட்டும்தான் இருந்தது. டிவி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பக்கத்துத் திரையில் இருட்டு சாம்பல் பூத்திருந்தது. ஓரங்களில் நிலா வெளிச்சம் மாதிரி ஏதோ கசிந்தது.

"வெளக்கச் சுத்தி பொக மாதிரி இருக்குது" என்றாள் மலர்விழி. அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்த டிவிக்குப் பின்னாடி வரிசையா பல்பு எரியுதுங்க. முன்னால இருக்கிற கண்ணாடியில லட்சக்கணக்கான புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கதவுன்னு வெச்சிக்கங்க. கறுப்பு வேணும்னா அந்தக் கதவு மூடிக்கும். ஆனா எவ்ளோ மூடினாலும் பல்பு பின்னால எரிஞ்சிக்கினேதான இருக்குது, கொஞ்சம் கசியும். பல்பக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு, இருட்டா இருக்கிற பக்கம் மட்டும் கொறைக்கிற டிவியும் உண்டு. அதுலயும் வெளக்கச் சுத்தி இந்தப் பொக வரும். ஓஎல்இடியில பின்னால பல்பே கெடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்புன்னா அந்தப் புள்ளி அணைஞ்சிடும், அவ்ளோதான். அதனால பக்கத்துல இருக்கிற வெளிச்சம் அப்படியே எடுப்பாத் தெரியும்."

"அணைஞ்சி கெடக்கிறதுக்கா அம்மாம் வெல?" என்றார் செல்லமுத்து. கேலியாகக் கேட்கவில்லை.

"பெரிய சைசுல அந்தக் கண்ணாடி செய்யிற ஃபேக்டரி ஒலகத்துலயே கொஞ்சந்தாங்க. செய்யிறதும் கஷ்டம். அதான்."

வெளியே வந்தார்கள். செல்லமுத்துவிடம் ஐம்பதாயிரம் இருந்தது. தவணையில் வாங்கலாமென்றால், குத்தகைக்காரருக்கு எந்த நிதி நிறுவனமும் கடன் தராது; ராதிகா அதைக் கேட்டும் பார்க்கவில்லை. அவர் வரிசையாக ஒவ்வொரு டிவியாக நின்று நகர்ந்து, ஒரு பெட்டி முன்னால் நின்றார். தாளைப் பெட்டிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுலயும் அதேதான எழுதிக்கீது?"

அது க்யூஎல்இடி. முதல் எழுத்தின் அடியில் ஒரு சின்ன வால், அவ்வளவுதான் வித்தியாசம். "இது வேறங்கய்யா. பல்பு டிவிதான். நெறத்துக்கு மட்டும் நடுவுல தனியா ஒரு தாள் வெச்சிருப்பாங்க. நாப்பத்தேழாயிரத்து ஐநூறு."

அவர் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராதிகாவுக்கு அவர் மனதில் ஓடுவது புரிந்தது. அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். மாதக் கடைசி. இன்னும் நாலு பெரிய டிவி விற்றாக வேண்டும். அதைவிட, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பகல்ல, லைட் போட்டுக்கினு பாத்தா அவ்வளவாத் தெரியாதுங்க."

"அப்பா, வேணாம்" என்றாள் மலர்விழி. "அவரு வேலையே அதுதான்."

"கண்ணாலம் முடிஞ்சப்புறம் யாரும்மா எழுத்தப் பாத்துக்கினு இருக்கப் போறாங்க" என்று சொல்லி, செல்லமுத்து வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்தார்.

மலர்விழி ராதிகாவை ஒரு தரம் பார்த்தாள். ராதிகா பில் போடுகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள், கடையில் டிவி மாட்டும் வேலை பார்க்கும் வீரமணி திருக்கோவிலூர் போனான். பதினொரு மணி வாக்கில் ராதிகாவுக்கு அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வீரமணி இல்லை.

"மேடம், நான் பிரவீன்குமார். ஒரு சந்தேகம்." குரல் மெதுவாக, மரியாதையாக இருந்தது. "ஜன்னல சாத்திட்டு முழுக் கறுப்பு ஃபிரேம் ஒன்னு போட்டுப் பாத்தேன். நானே பண்ணி பென்டிரைவ்ல வெச்சிருந்தேன். நாலு மூலையிலயும் வெளிச்சம் கசியுது."

"பிக்சர் செட்டிங்ஸ்ல பேக்லைட்டக் கம்மி பண்ணுங்க சார். ஜாஸ்தியா வெச்சிருக்கும்…"

"பேக்லைட்ட எவ்ளோ வெக்கணும்னு கேக்கலிங்க. பேக்லைட் இருக்குதா இல்லியான்னு கேக்கிறேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஓஎல்இடியில பேக்லைட்டே இருக்காதில்ல மேடம்?"

"இருக்காது சார்."

"இதுல?"

எதிர்ப்பக்கம் நிறையப் பேர் மூச்சுவிடுவது போல ஒரு இரைச்சல். இல்லை என்று சொன்னால் அடுத்த நொடியில் டிவியின் பின்பக்கத்து மாடல் எண்ணைப் படித்துக் காட்டுவான். அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"இருக்குது" என்றாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து செல்லமுத்து கடைக்கு வந்தார். தாடி வளர்ந்து, கன்னம் உள்ளே போயிருந்தது. வாசலில் ஒரு மினி வேன். அதில் க்யூஎல்இடி பெட்டி. பொண்ணை அனுப்பிவிட்டார்கள் என்றார். "ஏமாத்துக்காரன் வூட்டுப் பொண்ணுன்னு சம்பந்தியம்மா கமலா தெருவுல நின்னு சொல்லிச்சு. அது நெசந்தானம்மா. நான் ஏமாத்தத்தான பாத்தேன். கேட்டத வாங்கிக்கினு வந்தா வரட்டும்னாங்க."

மாற்றித் தர வேண்டும் என்று கேட்டார். முதலாளி, சுவரில் மாட்டிக் கழற்றிய டிவிக்கு இருபதாயிரத்துக்கு மேல் கழிக்க முடியாது என்றார். ராதிகா உள்ளே போய் அரை மணி நேரம் பேசி, இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்தாள். மீதிப் பணத்தை செல்லமுத்து ஒரே கட்டாக மேசையில் வைத்தார்.

"ஏதுங்கய்யா இவ்ளோ?"

"நெலத்த வுட்டுட்டம்மா. குத்தக முன்பணத்தத் திருப்பிக் குடுத்தாங்க. நட்டிருந்த பயிருக்கும் பாத்து ஏதோ போட்டுக் குடுத்தாங்க. நம்ம ஊர் ஆளுதான் எடுத்துக்கினாரு."

ராதிகா வெளியே வந்தாள். மலர்விழி வேனின் பின்பக்கம், பெட்டி சாயாமல் ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மாறவில்லை. வெயில் உச்சியில் நின்றது. ராதிகா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள்.

"என்னாலதான் இவ்ளோவும். நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் ராதிகா.

"நீங்க சொல்லலன்னாலும் எங்கப்பா அதத்தான் வாங்கியிருப்பாருக்கா."

"போன்ல கேட்டப்ப…"

"அவருக்கு மாட்டினவொடனே தெரிஞ்சி போச்சு. பெட்டியப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கும். உங்களக் கேட்டது அவரு தெரிஞ்சிக்க இல்ல. ஸ்பீக்கர்ல போட்டாரு. அவங்க பெரியம்மா, சித்தி, பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்திருந்தாங்க. என்ன நடுவுல நிக்க வெச்சித்தான் கேட்டாரு." குரலில் அழுகை இல்லை. "கத்தல, அடிக்கல. பொறுமையா ஒவ்வொன்னா கேட்டாரு. அதத்தான் என்னால மறக்க முடியல."

"போவாதம்மா. திரும்பிப் போவாத."

"போவலன்னா எங்கப்பா இருக்க மாட்டாரு. நெலத்த வுட்டுட்டு வந்தன்னிக்கு ராத்திரி பூச்சி மருந்து டப்பாவ எடுத்துக்கினு கொல்லப் பக்கம் போனாரு. நான் பாத்துட்டேன்."

ராதிகா உள்ளே போனாள். பில் யார் பெயரில் என்று கணினி கேட்டது. மாப்பிள்ளை பெயரில் போடச் சொல்லி செல்லமுத்து சொல்லியிருந்தார். அவள் 'மலர்விழி, த/பெ செல்லமுத்து, களமருதூர்' என்று தட்டினாள். செல்லமுத்துவுக்கு அது தெரியாது. அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். அதுவும் அன்றைக்கு எதையும் படிக்கிற நிலையில் இல்லை.

ஓஎல்இடி திரையின் மேல்பாதி ஒரு சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. ஒருவர் தனியாகத் தூக்கினால் வளைந்து விரிசல் விடும். அதனால் விலை உயர்ந்த டிவி போகும்போது மாட்டுகிற ஆளோடு இன்னொருவரும் போவது கடையில் வழக்கம். ராதிகா தானே போகிறேன் என்றாள். மறுநாள் காலை, கடை வண்டியில் அவளும் வீரமணியும் முன்னால், மலர்விழி பின்னால் பெட்டியோடு. செல்லமுத்து வரவில்லை. அவர் அந்த வாசலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

கமலா வாசலில் நின்று பெட்டியின் எழுத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டாள். மருமகளை வா என்று சொல்லவில்லை; வராதே என்றும் சொல்லவில்லை. பிரவீன்குமார் ராதிகாவுக்கு நாற்காலி போட்டான். வெளுப்பான, மெலிந்த, நல்ல சட்டை போட்ட பையன். தெருவில் பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

வீரமணி மாட்டி முடித்தான். பிரவீன்குமார் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். கதவுக்கடியில் வெளிச்சம் வருகிறது என்று ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தான். பென்டிரைவைச் செருகினான்.

ஒன்றும் வரவில்லை. டிவி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எதிரே சுவர் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ராதிகா எத்தனையோ முறை பார்த்த கறுப்புதான் அது. கடையில் அதைக் காட்டி வாடிக்கையாளர்கள் வாயைப் பிளக்கும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. இப்போது யாராவது ஜன்னலைத் திறந்தால் போதும் என்றிருந்தது.

"இதான். பாத்தியாம்மா, சொன்னேன்ல. இதுதான் கறுப்பு" என்றது பிரவீன்குமாரின் குரல். உண்மையான சந்தோஷம் அதில் இருந்தது. "மேடம், சேனல் லோகோ ரொம்ப நேரம் ஒரே எடத்துல நின்னா அச்சாவும்ல?"

"வருஷக்கணக்கா ஒரே சேனல் ஓடினா தடம் விழலாம் சார்."

"அம்மா, நியூஸ் சேனல போட்டுட்டுத் தூங்கிடாத." பிறகு அதே குரலில், அதே மரியாதையோடு, "மலரு, உங்கப்பாகிட்ட சொல்லு. இந்த ரூம் சூடு. இவ்ளோ வெலைக்கு டிவிய மாட்டிட்டு இப்படி வேகவுட முடியாது. ஒரு டன் ஏசி போதும். ஆடிக்குள்ள பாக்கச் சொல்லு" என்றான்.

"அவங்கிட்ட இன்னா இருக்குது குடுக்க?" என்றாள் கமலா.

"வூடு இருக்குதில்ல."

இருட்டில் யாரோ நடக்கும் சத்தம். போர்வையைக் காலால் தள்ளும் சத்தம். கதவு திறந்தது. வெளிச்சத்தில் மலர்விழி வாசற்படியில் நின்றாள்.

"அக்கா, பில்லு யாரு பேர்ல கீது?"

ராதிகா கைப்பையைத் திறந்தாள். பில்லை எடுத்து நீட்டினாள். "உன் பேர்லதான்."

"அண்ணா, கழட்டுங்க" என்றாள் மலர்விழி வீரமணியிடம்.

பிரவீன்குமார் முதலில் சிரித்தான். பிறகு பில்லை வாங்கிப் படித்தான். இரண்டு முறை படித்தான். கமலா தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டாள். அன்றைக்குப் போனில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். வீரமணி ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ராதிகாவைப் பார்த்தான். கழற்றினால் ராதிகாவின் வேலை போகும், அவன் வேலையும் போகலாம். ராதிகா எழுந்து டிவியின் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்தாள்.

"பாத்து, வளைச்சிடாத" என்றாள்.

வண்டி கிளம்பும்போது பிரவீன்குமார் ஜன்னலோரம் வந்து நின்றான். "இப்ப போனா அவ்ளோதான்" என்றான். மலர்விழி அவன் முகத்தைப் பார்த்து, "செரிங்க" என்றாள். வண்டி மணலூர்ப்பேட்டையைத் தாண்டியது. அதற்குப் பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். கள்ளக்குறிச்சி வரும் வரை நிறுத்தவில்லை.

முதலாளி கத்தினார். பெட்டி பிரித்து, மாட்டிக் கழற்றிய டிவி என்று முப்பதாயிரம் குறைத்துக்கொண்டுதான் பணத்தைத் திருப்பினார். வீரமணியைத் தான்தான் கழற்றச் சொன்னதாக ராதிகா சொன்னாள், அவன் தப்பித்தான். அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். இப்போது அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறாள்.

நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. எடுத்தவர் விடுவாரா. ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராதிகா களமருதூர் போனாள். மலர்விழி உளுந்தூர்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறாள், அன்றும் போயிருந்தாள். மகளிர் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்திருக்கிறாள்; போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டும் பிரவீன்குமார் வீட்டார் வரவில்லையாம். செல்லமுத்து மகளோடு பேசுவதில்லை. ஆனால் சோறு அவள் கையால்தான். மருந்து டப்பாவை அவள் எங்கோ தூக்கிப் போட்டுவிட்டாள்.

ராதிகா அவரை வயல் வரப்பில் பார்த்தாள். அவர் ஆனி வரை வைத்திருந்த அதே இரண்டு ஏக்கர். களை எடுக்கிற கூலி ஆட்களோடு குனிந்திருந்தார். அவளைப் பார்த்து நிமிர்ந்தார். சேற்றுக் கையைத் துடைக்காமல் வரப்புக்கு வந்தார். தண்ணீர் வாய்க்காலைப் பார்த்தபடி, "ஒன்னு கேக்கட்டாம்மா?" என்றார்.

"கேளுங்கய்யா."

"நெசமாவே அந்த ரெண்டு டிவிக்கும் அம்மாம் வித்தியாசம் இருந்துச்சா? இல்ல, வெலையில மட்டுந்தானா?"

பொய் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமோ என்று அவள் யோசித்தாள். எது ஆறுதல் என்றும் தெரியவில்லை.

"இருந்துச்சுங்க. இருட்டுல பாத்தா நல்லாவே தெரியும்."

அவர் தலையாட்டினார். பிறகு, மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று சொல்லி, வரப்பிலிருந்து இறங்கித் தன் வரிசைக்குப் போய்க் குனிந்தார்.